பத்துக்கு முன்னால் இரண்டு

பே. முத்துவடிவு, 1931 – 1995. கடையத்தில் பிறந்தவர், தென்காசியில் வாழ்ந்தவர், தொழில், தட்டச்சு.

தந்தை பேச்சிமுத்து கடையம் இரயில்வே கேட்டில் காவலாளியாக இருந்தார். இரயில் வரும் நேரமும் போகும் நேரமும் தெரிந்த வீட்டில் வளர்ந்ததனால், எதுவும் அதனதன் வரிசையில் வரவேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலேயே ஊறிப்போயிற்று. பள்ளி இறுதி வகுப்பில் தேறியதும் தென்காசிக்கு வந்து தட்டச்சு கற்றார். அவர் கற்ற பொறி மிகப் பழையது. அதில் ஒன்று என்ற எண்ணுக்கும் பூச்சியத்துக்கும் தனி விசைகள் இல்லை. ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய எல் எழுத்தையும், பூச்சியத்துக்குப் பதிலாகப் பெரிய ஓ எழுத்தையும் அடிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பொறிகளில் அது வழக்கந்தான். தாளில் பார்த்தால் யாருக்கும் வேறுபாடு தெரியாது.

1952 முதல் 1985 வரை வக்கீல் ஹரிஹரசுப்பிரமணியனின் அலுவலகத்தில் வேலை. வக்கீல், தம் குமாஸ்தா எழுதியதை இரண்டு முறை படிப்பார். முத்துவடிவு அடித்துக் கொடுத்ததைப் படிக்காமலே கையெழுத்திடுவார். இந்தச் செய்தியை முத்துவடிவு தாமாக யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பிறர் யாரேனும் சொன்னால் மறுத்ததும் இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு, "நேரம் எங்க இருந்தது?" என்பது ஒன்றே விடை. பொங்கலுக்கு அச்சன்புதூரில் உள்ள தங்கை வீட்டுக்குப் போவார், மறுநாளே திரும்பிவிடுவார்.

வக்கீல் தொழிலை விட்டுவிட்ட பிறகு, சன்னதித் தெருவின் மாடியொன்றில் துல்கர்னைன் நடத்திய தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தார். துல்கர்னைனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பேச்சு அதிகம், துணிச்சல் அதைவிட அதிகம். 1987-இல் மதுரைக்குப் போய் ஒரு கணிப்பொறியையும், தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்றையும் வாங்கி வந்து, மாடியின் உள்ளறையில் வைத்தார். முத்துவடிவு முதல் வாரம் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இரண்டாம் வாரம் அதற்கு ஓர் உறை தைத்துக் கொண்டுவந்தார். மூன்றாம் வாரம் அதன்முன் உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயதில், எழுதியதை அழிக்க ரப்பர் தேவையில்லை என்று கண்டபோது அவர் முகத்தில் தோன்றிய குறும்பை, துல்கர்னைன் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தொடக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. பழைய பழக்கத்தில், ஒன்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் அவர் விரல் எல் எழுத்தையே அடித்தது. பிரிண்டரில் அது பளிச்சென்று வேறாகத் தெரிந்தது.

"டீச்சர், இது ஒண்ணு இல்ல, எல்லு. தாளு பூரா கம்பு நட்ட மாதிரி நிக்கி" என்றார் துல்கர்னைன்.

பத்தே நாளில் முத்துவடிவு அந்தப் பழக்கத்தை விட்டொழித்தார். பூச்சியத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாளில் அது பூச்சியமாகவே தெரிந்தது.

குழல்வாய்மொழி இந்தக் கதைக்குள் வருவது 1988 ஜூலையில். குற்றாலத்தில் வீடு, பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளர். குற்றால மலையில் ஈரப் பாறைகளில் வளரும் எண்பத்து நான்கு செடிகளைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். ஏழாண்டு மலையேறியவர். அட்டைக்கடித் தழும்புகள் கணுக்காலில் வரிசையாக இருக்கும். ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டது 1982-இல். ஐந்தாண்டுக் காலம் முடிந்து, இரண்டு முறை ஓராண்டு நீட்டிப்பும் வாங்கியாயிற்று. இனி நீட்டிப்புக் கிடையாது. 1989 மார்ச்சு 31, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு மதுரையில் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு இரத்து, ஏழாண்டும் வீண்.

"எக்கா, உங்க கையில குடுத்துட்டேன். இனி எனக்கு உறக்கம் வரும்" என்று முதல் நாள் சொன்னார் குழல்வாய்மொழி.

"உறங்குறதுக்கு முந்தி எழுத்த கொஞ்சம் திருத்தமா எழுதிக் குடு. இது லீஃபா, லைஃபான்னு தெரியல" என்றார் முத்துவடிவு.

ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. செடி செடியாக எழுதி முடித்துக் கொண்டுவருவார். அதனால் துல்கர்னைன் ஒரு செடிக்கு ஒரு கோப்பு என்று ஏற்பாடு செய்தார். எண்பத்து நான்கு வெற்றுக் கோப்புகளை முன்கூட்டியே உண்டாக்கி, PL1, PL2 என்று தொடங்கி PL84 வரை தாமே பெயரிட்டு வைத்தார். முத்துவடிவு அந்தந்தக் கோப்பைத் திறந்து அதனுள் அடித்தால் போதும். அச்சிடுவதற்குத் திருநெல்வேலியில் ஒருவர் எழுதி விற்ற நிரல் ஒன்று இருந்தது. அது கோப்புகளைப் பெயர் வரிசைப்படி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டு, பக்க எண்ணையும் தொடர்ச்சியாகப் போட்டுவிடும். அந்த மனிதர் பின்னர் துபாய்க்குப் போய்விட்டார். நிரல் மட்டும் பிளாப்பித் தட்டில் தங்கிவிட்டது.

மார்ச்சு 27, திங்கட்கிழமை, எண்பத்து நான்கு செடிகளும் அச்சாயின. நூற்று எழுபத்தொரு பக்கம். பக்க எண் ஒன்றுகூடத் தவறவில்லை. முத்துவடிவு எண்களை மட்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, நூலால் கட்டி வைத்தார். ஒவ்வொரு செடியையும் திரையில் இருமுறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்திருந்தார். மறுபடி படிக்க வேண்டிய அவசியம் என்ன?

செவ்வாய்க்கிழமை காலை குழல்வாய்மொழி வந்தார். கட்டை அவிழ்த்து, பெஞ்சில் உட்கார்ந்து, தாள்களைப் புரட்டத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது.

"எக்கா."

"என்னட்டி?"

"பெரணிக்கு எப்பம் எக்கா பூ வந்தது?"

முத்துவடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். முதல் செடி பெரணி. பெரணி பூக்காது என்பது குற்றாலத்தில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த செடி காசித்தும்பை வகையில் ஒன்று. அதன் விவரம், 'இதன் பூ முன்னதன் பூவைவிடப் பெரியது. நிறம் முன்னதைவிட வெளிறியது' என்று தொடங்கியது. பூக்காத பெரணியின் பூவைவிடப் பெரிய பூ!

"நான் எழுதினது இப்படி இல்ல எக்கா. முத எட்டும் பெரணி. ஒம்பதுல இருந்து காசித்தும்பை. பத்தாவது செடிய ஒம்பதாவதோட ஒப்பிட்டு எழுதியிருக்கேன். இங்க ஒண்ணுக்கு அடுத்தாப்பல பத்து நிக்கி. புத்தகம் பூரா 'முன்னது' 'முன்னது'ன்னுதான் எழுதியிருக்கேன். இத ஒரு எக்சாமினர் படிச்சா என்னைய மலைக்குப் போனவளா நினைப்பானா, மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனவளா நினைப்பானா?"

முத்துவடிவு தாள்களை வேகமாகப் புரட்டினார். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு... பத்தொன்பது வரை. அதன்பிறகு இரண்டு. இரண்டுக்குப் பின் இருபது, இருபத்தொன்று. முப்பத்தேழு ஆண்டுகளில் அவர் கையிலிருந்து வரிசை மாறிய தாள் ஒன்றுகூட வெளியே போனதில்லை. முதன்முதலில் போவது இந்தத் தாளாகவா இருக்க வேண்டும்?

"ஏய் துல்கரு! இங்கன வா. உன் பெட்டிக்கு எண்ணத் தெரியல."

துல்கர்னைன் தேநீர்க் குவளையோடு வந்தார். பார்த்தார். குவளையைக் கீழே வைத்தார்.

"நாளு பூரா கணக்குப் போடுத மிசினு டீச்சர் அது. எண்ணத் தெரியலன்னு சொன்னா எப்படி?"

"அப்பம் பத்து முந்தியா, ரெண்டு முந்தியா?"

"நமக்கு ரெண்டு முந்தி. அது பெயர எண்ணாப் பார்க்கல. எழுத்து எழுத்தாப் பார்க்குது. PL வரைக்கும் ரெண்டும் ஒண்ணு. அதுக்கு அடுத்தாப்பல இதுல ஒண்ணு, அதுல ரெண்டு. ஒண்ணு சின்னது. அத்தோட முடிவு பண்ணிட்டு. பின்னால என்ன இருக்குன்னு பார்க்காது. எண்ண எண்ணாவே பாருன்னு அந்த நிரல்லயே எழுதியிருக்கலாம். எழுதினவன் துபாய்ல ஒட்டகத்தப் பார்த்துக்கிட்டு இருக்கான்."

முத்துவடிவு ஒரு கணம் யோசித்தார். "அகராதி மாதிரி" என்றார். "அகராதில நீளமான சொல்லு, குட்டையான சொல்லுன்னு பார்க்க மாட்டாங்க. முத எழுத்து, அப்புறம் ரெண்டாவது எழுத்து. இது எண்ணையும் சொல்லா நினைச்சு அடுக்கியிருக்கு."

"அதேதான் டீச்சர்."

"தாள மட்டும் மாத்தி அடுக்கிட்டா என்ன?" என்று கேட்டார் குழல்வாய்மொழி. கேட்கும்போதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. பக்க எண்கள் தவறான வரிசைக்கே ஏற்றபடி அச்சாகியிருந்தன. தாளை மாற்றினால் இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு இருபத்தைந்தாம் பக்கம் வரும். எண்ணை அழித்து எழுதிய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் தொடாது.

நாள் கணக்கு இதுதான்: வெள்ளி விடியற்காலை மதுரைப் பேருந்து. வியாழக்கிழமை முழுவதும் பைண்டருக்கு. அதற்கு முன் நகல் எடுக்க வேண்டும். ஆகவே புதன்கிழமை மாலைக்குள் அச்சு முடிய வேண்டும். அச்சிட நான்கு மணி நேரம் ஆகும். நாள்தோறும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மின்வெட்டு.

"எல்லாப் பெயரையும் ஒரே அகலமா ஆக்கிட்டாப் போதும்" என்றார் துல்கர்னைன். "ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் முன்னால ஒரு சைபரப் போட்டுட்டா, சைபர் ஒண்ணு, சைபர் ரெண்டுன்னு வரும். சைபரு ஒண்ணுக்கு முந்தி. தானா பத்துக்கு முன்னால நிக்கும்."

"ஒம்பது பெயரத்தானே மாத்தணும்? ஒண்ணொண்ணா மாத்து."

"ஒம்பது வாட்டி அடிக்கவா? இதுக்கு ஒரே வரி போதும், பாருங்க" என்று துல்கர்னைன் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டினார்:

REN PL?.TXT PL0?.TXT

REN என்றால் பெயரை மாற்று, .TXT எல்லாக் கோப்புக்கும் பொதுவான வால், கேள்விக்குறி என்பது எந்த எழுத்தாகவும் இருக்கலாம் என்பதற்கான அடையாளம். அவர் கணக்கில், PL-க்குப் பின் ஒரே எழுத்துள்ள பெயர்கள் யாவும் இடையில் ஒரு பூச்சியத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கணிப்பொறி ஒரு கோப்பை மாற்றியது. அடுத்ததில், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. பட்டியலைப் பார்த்தால் PL1 என்பதைக் காணோம். அதற்குப் பதில் PL0 என்று ஒன்று நின்றது. ஒன்று என்ற எண் எங்கோ போய்விட்டது.

"என் முத செடி எங்க?" என்றார் குழல்வாய்மொழி.

"அங்கனதான் இருக்கு. பெயருதான் போச்சு" என்றார் துல்கர்னைன்.

முத்துவடிவு எழுந்து, மேசையறையைத் திறந்து, சிவப்புச் சீட்டு ஒட்டிய பிளாப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து வைப்பது அவர் வழக்கம்; வக்கீல் அலுவலகத்தில் கார்பன் நகல் வைத்த கை அது.

"அழுகாத. இதுல எல்லாம் இருக்கு. துல்கரு, அந்தப் பெயர முந்தி இருந்தபடி ஆக்கு. அப்புறம் நிதானமா யோசி."

துல்கர்னைன் PL0-வை மறுபடி PL1 ஆக்கினார். பிறகு கையேட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. நான்கு மணிக்கு வந்தபோது அவரும் வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்களை வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றும் கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சிறு கோப்பு ஒன்று எழுத வேண்டும். அவர் இருவிரல் வேகத்துக்கு அது பெரிய வேலை. கையேட்டைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, முத்துவடிவு அடித்தார்.

"ஃபார், விழுக்காட்டுக் குறி ரெண்டு, என், இன். அடைப்புக்குள்ள ஒண்ணுல இருந்து ஒம்பது, நடுவுல இடம் விட்டு. டூ. ரென். பி எல், விழுக்காடு ரெண்டு, என், புள்ளி, டி எக்ஸ் டி. அடுத்து, பி எல் ஓ, விழுக்காடு ரெண்டு, என்..."

ஓட விட்டார்கள். எந்தத் தடையுமின்றி ஓடி முடிந்தது. ஒன்பது பெயர்களும் மாறின. குழல்வாய்மொழி கைகூப்பினார், கைகூப்பிய திசையில் கோவில் இருந்ததா, கணிப்பொறி இருந்ததா என்று சொல்வதற்கில்லை. இருட்டத் தொடங்கிவிட்டதால், மறுநாள் காலையில் அச்சிடலாம் என்று கலைந்தார்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, அச்சைத் தொடங்கும் முன், முத்துவடிவு பிடிவாதமாக ஒன்றைக் கேட்டார். "எந்த வரிசையில வரப்போவுதுன்னு முதல்ல எனக்குத் தாள்ல காட்டு. முந்தாநேத்து எண்ணிப் பார்த்து ஏமாந்தேன்."

வரிசைப்படுத்திய பெயர்ப்பட்டியல் அச்சாகி வந்தது. முதல் பெயர் பத்து. பதினொன்று, பன்னிரண்டு என்று ஒழுங்காக எண்பத்து நான்கு வரை போயிற்று. அதற்கும் கீழே, கடைசியில், பூச்சியம் ஒன்று, பூச்சியம் இரண்டு, பூச்சியம் மூன்று...



"எண்பத்து நாலு முடிஞ்சு சைபர் ஒண்ணா?" என்றார் குழல்வாய்மொழி. "இப்பம் பெரணி எல்லாம் புத்தகத்தோட வாலுல தொங்குது."

"ஒண்ணுக்கு முந்தித்தான் சைபரு. கையேட்டுல போட்டிருக்கு, பாருங்க டீச்சர்! மிசினு கெட்டுப் போச்சு. மதுரைக்காரன் என்னைய ஏமாத்திட்டான்."

"மிசினு நேத்தும் கெடல, இன்னைக்கும் கெடாது" என்றார் முத்துவடிவு. "நாமதான் ஏதோ தப்பாச் சொல்லியிருக்கோம். பட்டியல திரையில போடு."

திரையில் பெயர்கள் பச்சை எழுத்தில் வந்தன. முத்துவடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். PL10. அதிலிருந்த பூச்சியத்தின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று சாய்வாக ஓடியது. PL20, PL30, எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு. கீழே வந்தார். PLO1. வட்டத்துக்குள் கோடு இல்லை. வெறும் வட்டம்.

அவர் தம் வலக்கையைத் தூக்கி, மோதிர விரலைப் பார்த்தார். ஓ எழுத்தை அடிக்கும் விரல் அது. தட்டச்சு கற்ற நாளிலிருந்து முப்பத்தொன்பது ஆண்டுகளாகப் பூச்சியம் என்றால் அங்கேதான் போகும்.

"துல்கரு, நேத்து நீ என்னன்னு சொன்ன? சைபர்ன்னு சொன்னியா, ஓன்னு சொன்னியா?"

"ஓன்னுதான் சொன்னேன். ஓன்னா சைபருதான டீச்சர்? போன் நம்பர் சொல்லும்போது எல்லாரும் அப்படித்தான சொல்லுதோம்?"

"போன்ல விரல விட்டுச் சுத்துத ஓட்டை பத்துதான், அதனால யாருக்கும் குழப்பம் இல்ல. இங்கன எழுத்தும் இருக்குல்லா! நீ ஓன்ன, நான் ஓ போட்டேன். நீ சைபர்ன்னு சொல்லியிருந்தாலும் நான் ஓதான் போட்டிருப்பேன், அது வேற கதை. எழுத்துக எல்லாம் எண்களுக்குப் பிந்தி. ஒம்பது முடிஞ்சாத்தான் அதுகளுக்கு முறை வரும். அதான் எண்பத்து நாலுக்குப் பின்னால போய் நிக்கி."

குழல்வாய்மொழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம், எக்கா, என் புத்தகத்துக்குள்ள இருக்க சைபரெல்லாம்?"

"பத்து சென்டிமீட்டர், இருபது சென்டிமீட்டர் எல்லாம் ஓதான். தாள்ல தெரியாது, அர்த்தமும் மாறாது. நீ யார்ட்டயும் சொல்லாத."

குழல்வாய்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலைக்குப் பின் வந்த முதல் சிரிப்பு.

இனி அந்த ஒன்பது ஓக்களையும் பூச்சியங்களாக்க வேண்டும். துல்கர்னைன் மறுபடியும் அந்தச் சிறு கோப்பைத் திருத்தி எழுதப் போனார். முத்துவடிவு தடுத்தார்.

"நேத்து முதல்ல ஒரே வரில செஞ்சியே, அத இப்பம் செய்."

"அது செடியோட பெயரையே முழுங்கிட்டுல்லா டீச்சர்! மறுபடியுமா?"

"நேத்து முழுங்கிட்டு, இன்னைக்கு முழுங்காது. கேள்விக்குறி தன் இடத்துல முன்னால என்ன எழுத்து இருந்ததோ, அதையேதான் எடுத்துக்கும். நேத்து எண்ணு மூணாவது கட்டத்துல இருந்தது. நீ கேள்விக்குறிய நாலாவது கட்டத்துல போட்ட. நாலாவது கட்டம் காலி, எடுக்க ஒண்ணுமில்ல. மூணாவதுல இருந்த எண்ணு மேல சைபரு உக்காந்துக்கிட்டு. இன்னைக்குப் பாரு, எண்ணு நாலாவது கட்டத்துலயே இருக்கு, கேள்விக்குறியும் நாலாவதுலதான் வரும். மூணாவதுல எழுத்து மட்டுந்தான் மாறுது. எத்தனை அட்டவணை அடிச்சிருப்பேன்? கட்டம் மாறினா எண்ணு தொலையும். கட்டம் மாறலன்னா தொலையாது."

துல்கர்னைன் நாற்காலியை இழுத்து அவருக்கே போட்டார்.

முத்துவடிவு முதலில் எல்லாக் கோப்புகளையும் இன்னொரு பிளாப்பியில் நகலெடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு விசையையும் கண்ணால் பார்த்து, வாழ்நாளில் முதன்முறையாகக் கற்றுக்குட்டியைப் போலத் தட்டினார்:

REN PLO?.TXT PL0?.TXT

பூச்சியத்துக்கு அவர் மோதிர விரல் ஓவை நோக்கி இறங்கியது. அதை இடக்கையால் பிடித்துத் தூக்கி, மேல்வரிசையின் மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"போ அங்க" என்றார் விரலிடம்.

பட்டியல் மறுபடி அச்சானது. பூச்சியம் ஒன்று. பூச்சியம் இரண்டு. ஒன்பது வரை. அதன்பிறகு பத்து. முத்துவடிவு ஒவ்வொரு பெயரையும் பென்சிலால் தொட்டு எண்பத்து நான்கு வரை எண்ணினார். குழல்வாய்மொழி கூடவே சேர்ந்து எண்ணினார். ஒன்பதே முக்காலுக்கு அச்சு தொடங்கியது.

இம்முறை முத்துவடிவு பிரிண்டர் அருகிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே வரும் ஒவ்வொரு பக்கத்திலும் செடியின் பெயரையும் முதல் வரியையும் வாய்விட்டுப் படித்தார். எட்டுப் பெரணிகள் போயின. ஒன்பதாவது காசித்தும்பை. பத்தாவது, முன்னதைவிடப் பெரிய பூவோடு முன்னதன் பின்னாலேயே வந்து நின்றது. "வா, வா. உன்னத்தான் தேடுனோம்" என்றார் முத்துவடிவு அந்தத் தாளிடம்.

பன்னிரண்டரைக்கு மை நாடா மங்கத் தொடங்கியது. துல்கர்னைன் ஓடிப்போய் வேறொன்று மாட்டினார். நூற்று நாற்பதாம் பக்கத்தில் தாள் சிக்கியது, விடுவித்தார்கள். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு நூற்று எழுபத்தொன்றாம் பக்கம் வெளியே வந்தது. இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. அந்த எட்டு நிமிடத்தைப் பற்றிப் பின்னாளில் துல்கர்னைன் பேசும்போது அது மூன்று நிமிடமாகவும், சில சமயம் அரை நிமிடமாகவும் சுருங்கிவிடும்.

நகல் எடுத்தார்கள். வியாழக்கிழமை பைண்டர், கருநீலத் துணி அட்டை போட்டு நான்கு பிரதிகளைக் கொடுத்தார். அட்டை காயும் முன்பே ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்த முத்துவடிவிடம், "அம்மா, பசை காயட்டும்" என்று கெஞ்சினார். "காயட்டும். ரெண்டு பத்துக்கு முன்னால இருக்கான்னு மட்டும் பார்த்துக்கிடுதேன்" என்றார் முத்துவடிவு.

வெள்ளிக்கிழமை விடியற்காலை குழல்வாய்மொழி பேருந்து ஏறினார். முத்துவடிவு அன்று மாணவிகளுக்கு வழக்கம்போல் வகுப்பெடுத்தார். ஆனால் கீழே மருந்துக் கடையில் தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் வகுப்பு நின்றுவிட்டது. ஐந்து முறை அடித்தது. ஐந்தும் மருந்து கேட்டவை. மூன்று நாற்பதுக்கு ஆறாவது முறை அடித்தது. கடைக்காரர் மாடிப்படியின் கீழ் நின்று கூப்பிட்டார்.

"எக்கா, குடுத்தாச்சு. ரசீது வாங்கிட்டேன்" என்றது மதுரைக் குரல். இரைச்சலுக்கு இடையே, "அந்த கிளார்க்கு பக்கத்தப் புரட்டிப் பார்த்துட்டு, யாரு டைப் அடிச்சதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க ஊர்ல ஒரு எக்கா இருக்காங்கன்னு சொன்னேன்."

"சைபரப் பத்திக் கேட்டாரா?"

"கேக்கல."

"அப்பம் சரி. காலாகாலத்துல ஊரு வந்து சேரு."

முத்துவடிவு படியேறி வந்தார். கணிப்பொறியின் உறையைச் சரிசெய்து, முந்தானையால் விசைப்பலகைமேல் இருந்த தூசியைத் தட்டினார். துல்கர்னைனுக்கு அதிலேயே விடை கிடைத்துவிட்டது. கீழே இறங்கிப்போய் மூன்று தேநீர் வாங்கி வந்தார். மூன்றாவது யாருக்கு என்று முத்துவடிவு கேட்டார்.

"அதுக்கு" என்றார் துல்கர்னைன், கணிப்பொறியைக் காட்டி. "முந்தாநேத்து கெட்டுப் போச்சுன்னு வாய் விட்டுட்டேன்ல்லா. மன்னிப்புக் கேக்கணும்." அந்தத் தேநீரையும் அவரே குடித்தார்.

வாய்மொழித் தேர்வு அவ்வாண்டு டிசம்பர் பதினெட்டாம் நாள் மதுரையில் நடந்தது. தேர்வாளர், செடிகளை அடுக்கியிருந்த வரிசையைத் தனியாகப் பாராட்டினார் என்று குழல்வாய்மொழி வந்து சொன்னார். முத்துவடிவு அப்போது இடக்கண்ணில் புரையோடு இருந்தார். திரையில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று துல்கர்னைனிடம் மட்டும் சொல்லியிருந்தார். புத்தாண்டோடு வேலையை விட்டுவிடுவதாகவும் முடிவு செய்திருந்தார். அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. குழல்வாய்மொழியின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று சேர்த்துக்கொள்ளும்படி கல்லூரிக்கு எழுத வேண்டிய விண்ணப்பம். வேறு யாரும் அதை அடிக்கக் கூடாது என்று முத்துவடிவு சொல்லிவிட்டார். கண்ணாடிக்கு மேல் கைக்குட்டையை நிழலாகப் பிடித்துக்கொள்ள ஒரு கை போய்விட்டதால், மறுகையால் மட்டும் அடித்தார். கடிதத்தின் மேல்மூலையில் தேதி. ஆண்டின் எண்களில் பூச்சியம் எதுவும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, "இதுல தப்பு வர வழி இல்ல" என்று சொன்னார்.

முத்துவடிவு கடைசியாகத் தட்டச்சு செய்தது அந்தக் கடிதம். நாள் 1989 டிசம்பர் 29.